மூன்று நாள் கழித்துப் பேசினேன்

நடுவர்: "கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, மேலதிகாரி சத்தம் போட்டுவிடுகிறார். அந்த மனசு ஆற என்ன வழி? அன்றைக்கே நேரில் போய்க் கேட்பதா, ஆறவிட்டுப் பேசுவதா? அடுத்து, ஆறவிடும் அணியின் இரண்டாவது பேச்சாளர்."

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருப்பவர்களுக்கும் வணக்கம். நான் பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே, ஒரு ஆபரேஷன் வார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று காலை எட்டே முக்காலுக்கு ரவுண்ட்ஸ். வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒருவரின் ஐ.ஓ. சார்ட்டில், அதாவது உடம்புக்குள் போன, வெளியேறிய நீர் கணக்கில், இரவு அளவுகளை எழுதியிருந்தேன், மொத்தம் கூட்டவில்லை. சீஃப் டாக்டர் சார்ட்டைக் கட்டில் மேல் வீசினார். "படிச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தியா? இந்த ஆள் கிட்னி போனா நீ குடுப்பியா?" என்று கத்தினார். சுற்றி இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள், மூன்று நர்ஸ்கள், நோயாளியின் மனைவி. எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்று இன்று வரை ஞாபகம் இல்லை.

எதிரணியில் முதலில் பேசிய வங்கி அதிகாரி, தான் அன்று மாலையே மேனேஜர் அறைக்குப் போனதாகவும் அவர் மன்னிப்புக் கேட்டதாகவும் சொன்னார். அவருக்கு அப்படி நடந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் அவர் காலையில் திட்டு வாங்கி மாலையில் போயிருக்கிறார். நடுவில் ஏழெட்டு மணி நேரம் ஆறவிட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அடுத்து வந்த அக்கா, கல்யாண வீட்டில் மாமனார் திட்டியதைச் சொன்னார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் மாமனார் முன்னால் கைநடுக்கத்தோடு ஊசி மருந்து ஏற்றவேண்டிய நிலை அவருக்கு இல்லை. நாம் பேசுவது வேலையிடத்தைப் பற்றி. திட்டு வாங்கிய அடுத்த நிமிடமே அதே இடத்தில், அதே ஆட்களோடு வேலையைத் தொடர வேண்டும்.

எனக்கு நடந்தது இதுதான். ஒன்பது மணி ஆன்டிபயாட்டிக் ட்ரேயை எடுத்தேன். மருந்துக் குப்பிக்குள் ஊசி இறங்கவில்லை, விரல் அப்படி நடுங்கியது. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துவிட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ட்ரேயை இவகிட்ட குடு. நீ போய்ப் படுக்கை விரிப்பு மாத்து. அரை மணி நேரம் மருந்து பக்கம் வராதே" என்றார். அன்று எனக்கு அது தண்டனை போல இருந்தது. பல வருடம் கழித்துத்தான் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று புரிந்தது.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 24 குழுக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். 2015-இல் அது வெளியானது. பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு நோயாளிக் குழந்தையை எல்லாக் குழுவும் பார்க்க வேண்டும். சில குழுக்களிடம் மட்டும் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் மரியாதையில்லாமல் பேசினார். கத்தக்கூட இல்லை, மட்டமாகப் பேசியதோடு சரி. அந்தக் குழுக்களில் நோயைக் கண்டுபிடிக்கும் திறனும் குறைந்தது, சிகிச்சை செய்யும் கைத்திறனும் குறைந்தது. நன்றாகப் படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், அந்த அரை மணி நேரத்தில் நான் சீஃப் அறைக்குப் போயிருந்தால் என்ன பேசியிருப்பேன்? அழுதிருப்பேன், இல்லாவிட்டால் வேலையை விட்டிருப்பேன்.

எதிரணி கேட்கலாம்: சரி, நேரில் போக வேண்டாம், அன்றே யாரிடமாவது கொட்டிவிடலாமே, எழுதிவிடலாமே என்று. எங்கள் வார்டு ஆயாம்மாவும் அதையேதான் சொன்னார். "பாத்ரூம்ல போய் அழுதுட்டு வாம்மா, சரியாயிடும்" என்றார். பாதி சரி. அழுததும் மூச்சு சீரானது. ஆனால் மத்தியானம் மெஸ்ஸில் தோழிகளிடம் அதே கதையை மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கதையில் சீஃப் குரல் கூடிக்கொண்டே போனது, என் நெஞ்சும் அடித்துக்கொண்டே இருந்தது. இஸ்ரேல் குழுவினர் 2017-இல் இதையும் சோதித்தார்கள். நடந்த அவமதிப்பைப் பற்றி அன்றே எழுதவைத்துப் பார்த்தார்கள். அன்றைய வேலை அதனால் மேம்படவில்லை.

இங்கே என் அணியின் முதல் பேச்சாளரோடும் நான் முரண்படுகிறேன். "மறந்துவிடுங்கள், காலம் ஆற்றும்" என்றார் அவர். நான் மறக்கவில்லை. ஆறவிடுவது வேறு, மூடிவைப்பது வேறு.

முதல் நாள் இரவு நாலு வரி மட்டும் எழுதினேன். தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள், யார் யார் இருந்தார்கள். அடுத்த இரண்டு இரவும் கால் மணி நேரம் உட்கார்ந்து மனதில் இருந்ததை எழுதினேன். அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலும் கால் மணி நேரம்தான், தொடர்ந்து நாலு நாள். எழுதி முடித்தவுடன் எழுதியவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது, பலன் பிறகுதான் தெரிந்தது. எனக்கும் அப்படி எழுதிய முதல் தடவை அழுகை. இரண்டாம் தடவை எழுதும்போதுதான் கணக்கு இரண்டாகப் பிரிந்தது. சார்ட்டைக் கூட்டாதது என் தவறு. நோயாளியின் மனைவி முன்னால் 'படிச்சியா' என்று கேட்டது அவர் தவறு. திட்டு வாங்கிய அன்று இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒன்று 'நான் லாயக்கில்லை' என்று தோன்றும், இல்லாவிட்டால் 'என் மேல் தப்பே இல்லை' என்று தோன்றும்.

திட்டு வாங்கி மூன்று நாள் கழித்து, ஓ.பி. முடிந்ததும் சீஃப்பிடம் தனியாகப் போனேன். "சார், சார்ட் கூட்டாதது என் தப்பு. இப்ப காலை ஆறு மணிக்கே கூட்டிடறேன். ஆனா பேஷண்ட் வீட்டுக்காரங்க முன்னாடி சொன்னது ரொம்ப வலிச்சுது. தப்பு இருந்தா தனியா கூப்பிட்டு சொல்லுங்க" என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிம்மா" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நடந்ததை அத்தனை பேர் முன்னால் அவர் சரிசெய்யவே இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. அதை எப்படித் தீர்ப்பது என்று என்னிடம் பதில் இல்லை.

(நடுவர் குறுக்கிடுகிறார்: "அம்மா, தினமும் கத்துகிறவரிடமும் மூன்று நாள் காத்திருக்கச் சொல்வீர்களா?")

மாட்டேன் ஐயா. திரும்பத் திரும்ப நடந்தால், நான் சொன்ன அந்த நாலு வரிக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போக வேண்டும். பாலியல் ரீதியான பேச்சு என்றால் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, வேலைக்குக் கிளம்பும்போதே வயிறு கலங்குகிறது, அவர் இருக்கும் ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்கிறோம் என்றால், அது தானாக ஆறும் காயம் இல்லை. 14416 என்ற டெலி மனஸ், அரசின் மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் வார்டில் ஒரு பெண் அப்படிப் பேசித்தான் திரும்ப டூட்டிக்கு வந்தாள்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் கொடுங்கள். அடுத்த மாதம் அதே வார்டு, அதே ரவுண்ட்ஸ். கட்டிலருகே நின்று சீஃப் கேட்டார், "அவுட்புட் எவ்வளவு?" சுற்றி அதே ஹவுஸ் சர்ஜன்கள். நான் சார்ட்டைப் பார்க்கவில்லை. "1,450 மில்லி சார்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ட்ரேயைப் பிடித்திருந்த என் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நடுக்கம் இல்லை.