தட்டில் விழும் சொல்

அவையோருக்கு வணக்கம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால், சிங்கையில் பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் புதிய பாடல்கள் பிறக்கின்றன. அவற்றில் பல ஆதி தாளத்தில் அமைகின்றன. பொருளும் மெட்டும் நன்றாக இருந்தும் சில பாடல்கள் நெஞ்சில் தைப்பதில்லை. சொல் எந்த அடியில் விழுகிறது என்று பார்த்தால் பல நேரங்களில் காரணம் தெரிந்துவிடும்.

கையை எடுத்துத் தாளம் போடுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இது லகு. அடுத்துத் தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும். இவை இரண்டு துருதங்கள். எட்டு அடிகளில் தட்டு விழுவது ஒன்று, ஐந்து, ஏழு ஆகிய மூன்றில்தான். முதலடி சமம். ஐந்தாவது அடி பெரும்பாலும் அருதி. பாட்டு ஒரு கணம் ஊன்றி நிற்கும் இடம். என் கணிப்பில் பாடலாசிரியர் சமத்தைவிட அருதிக்கே அதிகம் கவலைப்பட வேண்டும். சமத்தில் பாட்டு எப்படியும் தொடங்கிவிடும். அருதியில் எந்தச் சொல்லை நிறுத்துவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

இந்தச் சொற்பொழிவுக்காக ஒரு வரி எழுதினேன். ஓர் அடிக்கு நான்கு மாத்திரை, அதாவது சதுசிர நடை. பாட்டுக் கணக்கில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு.

கப்பல் | ஏறிய | அந்தத் | தாத்தன் || கையில் | தமிழே || செல்வம் | –

எட்டாவது அடி கார்வை, புதுச் சொல் வராமல் நிற்கும் இடம். கணக்கில் பிழையில்லை. கப்பல், கையில் என்று ஒன்றாம் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் மோனையும் இருக்கிறது. இப்போது தட்டில் விழும் சொற்களை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்: கப்பல், கையில், செல்வம். வரியின் உயிரான தமிழ் ஆறாம் அடியின் வீச்சில் போய்விட்டது. மெட்டுப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் இப்படித் தட்டுச் சொற்களால் மட்டும் சோதியுங்கள். அவற்றைக் கேட்டே வரியின் கருத்தை ஊகிக்க முடிய வேண்டும்.

ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றினால் போதும் என்று தோன்றும். மாற்றினால் "தாத்தன் தமிழே கையில் செல்வம்" என்றாகி, தாத்தனுடைய தமிழ் என்று வேறு பொருள் வந்து நிற்கும். ஆகவே வரியைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

தாத்தன் | கப்பல் | ஏறும் | நாளில் || தமிழே | கையில் || செல்வம் | –

தட்டுச் சொற்கள் இப்போது தாத்தன், தமிழே, செல்வம். தா, த என்ற மோனையும் சமத்தையும் அருதியையும் இணைக்கிறது. எட்டு அடி வரியில் மோனைக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான்.

பாடும்போது இன்னொரு சிக்கல் எழும். அருதியில் நிற்கும் "த" குறில். தட்டு விழுந்த வேகத்தில் பாடுபவர் அதை இழுத்தால் "தாமிழே" என்று ஒலிக்கும். தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும். மலை மாலையாகும், கல் காலாகும். தேர்ந்த பாடகர் "தமி" என்பதை இரண்டு மாத்திரையில் முடித்து, "ழே"யில் நின்றுகொள்வார். பள்ளிச் சேர்ந்திசைக் குழுவிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். அவர்களுக்காக இரண்டாம் பாதியை மட்டும் மாற்றுவேன்:

செந்,, | தமிழே || செல்வம் | –

"செந்" இரண்டு மாத்திரை. காற்புள்ளிகள் காட்டும் மேலும் இரண்டை அதன் மேல் நீட்டலாம். மெல்லின ஒற்றாகிய "ந்" மூக்கொலியாக நின்று கார்வையைத் தாங்கும். எழுத்தின் அளவு சிதையாது. "கப்" போன்ற வல்லின ஒற்றில் இப்படி நிற்க முடியாது, ஒலி அடைத்துக்கொள்ளும். "கையில்" போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் செந், செல் என்று ஐந்துக்கும் ஏழுக்கும் புதிய மோனை கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. "எங்கள் தாத்தன்" என்று தொடங்கினால் உருக்கம் கூடும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். சமத்தில் "எங்கள்" வைத்தால் எல்லாச் சொற்களும் ஓரடி தள்ளிப்போய், அருதியில் "நாளில்" வந்து உட்காரும். அதைச் செய்யாதீர்கள். முந்தைய ஆவர்த்தனத்தின், அதாவது முந்தைய தாளச் சுற்றின், எட்டாம் அடி கார்வையாகக் காலியாக இருக்கிறது அல்லவா? "எங்கள்" சரியாக நான்கு மாத்திரை. அதை அந்த வீச்சில் எடுங்கள். சமத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்பு இது. "தாத்தன்" தன் தட்டிலேயே இருப்பார். "எங்கள்" மட்டும் மெல்லிய குரலில் வர வேண்டும். அதை அழுத்திப் பாடினால் கேட்பவர் அதையே சமம் என்று எண்ணித் தாளத்தைத் தவறவிடுவார். இப்போது எல்லோரும் சேர்ந்து ஒருமுறை போட்டுப் பார்ப்போம். எட்டாம் அடியின் வீச்சில் "எங்கள்", தட்டில் "தாத்தன்".