பெயரை மட்டும் மாற்றிய இரங்கல் கடிதம்: ஒரு நேயர் கேள்விக்கு விளக்கம்

கேள்வி: "வணக்கம் ஐயா. சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் வீட்டில் மாரடைப்பு வந்து காலமாகிவிட்டார். நிறுவனத்தின் சார்பில் அவர் மனைவிக்குத் தமிழில் இரங்கல் கடிதம் எழுதச் சொன்னார்கள். பழைய கோப்பில் இருந்ததை எடுத்துப் பெயரை மாற்றினேன். படித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. எதை மாற்றுவது?"

வணக்கம். இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு வேறு கேள்வியில் மனம் போகவில்லை. அந்தத் தங்கை கடிதத்தையும் அனுப்பியிருந்தார். முதலில் அதைப் படித்துவிடுகிறேன்.

"எமது நிறுவன ஊழியர் திரு இன்னார் அவர்களின் திடீர் மறைவுச் செய்தி கேட்டு ஆழ்ந்த அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தோம். அன்னாரின் மறைவு எமது நிறுவனத்திற்கு ஈடுசெய்ய முடியாத பேரிழப்பாகும். அன்னாரின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்வதோடு, அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நம் பழைய சோதனையை வைத்துப் பாருங்கள். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், பிரிவு உபசாரப் பேச்சைப் பற்றிச் சொன்னபோதும் இதைத்தான் சொன்னேன்: பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் பெயரைப் போடலாம், வாசலில் நிற்கும் பாதுகாவலர் பெயரைப் போடலாம், முதலாளி பெயரைக்கூடப் போடலாம். எதைப் போட்டாலும் பொருந்துகிறதா? அப்படியானால் அது யாருக்கும் எழுதிய கடிதம் இல்லை.

அந்த "ஈடுசெய்ய முடியாத" விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், உணவறைக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. ஒருவர் தவறிப்போனார். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று இரங்கல் அறிவிப்பு ஒட்டினார்கள். அதே வாரத்தில் அதற்குப் பக்கத்திலேயே அவருடைய வேலைக்கு ஆள் தேவை என்று இன்னொரு தாள் ஒட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. ஆள் எடுப்பது தவறில்லை, வேலை நடக்கத்தான் வேண்டும். ஆனால் சாப்பிட வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துத்தானே படித்தார்கள்! செய்ய முடியாததைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். ஆகவே அந்த வரியைத் தூக்கிவிடுங்கள்.

சரி, அதற்குப் பதில் என்ன எழுதுவது? தங்கைக்குப் பதில் அனுப்பிக் கேட்டேன், "அவரைப் பற்றி உங்களுக்கு என்னம்மா தெரியும்?" 14 ஆண்டு வேலை செய்தார், இந்துக் குடும்பம், இரண்டு பிள்ளைகள், வேறு ஒன்றும் தெரியாது ஐயா என்றார். இங்கேதான் சிக்கல். கடிதம் போலியாக வருவது எழுதுகிறவருக்குத் தமிழ் போதாததால் இல்லை. செத்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுத உட்கார்ந்தால் யார் எழுதினாலும் அன்னாரும் ஆழ்ந்த அனுதாபமும்தான் வரும். கம்பர் வந்தாலும் அவ்வளவுதான்.

அதனால் மேசையை விட்டு எழுந்து கீழே சரக்கு இறக்கும் இடத்துக்குப் போகச் சொன்னேன். மேலாளரைக் கேட்க வேண்டாம், அவர் கடின உழைப்பாளி, எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார் என்றுதான் சொல்வார். கூடவே ஷிஃப்ட் பார்த்த இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள். எப்படிப்பட்டவர் என்று கேட்காதீர்கள், அதற்கும் நல்லவர் என்றுதான் பதில் வரும். தினமும் என்ன செய்வார், அவர் இல்லாததை இன்றைக்கு எதில் கண்டீர்கள் என்று கேளுங்கள்.

அவர் கேட்டுவிட்டு வந்து எழுதியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். வண்டியில் ஏறும் முன் டயர், பிரேக், ஹாரன் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுவாராம். முந்தின ஷிஃப்ட்டில் ஓட்டியவர் எல்லாம் சரி என்று எழுதி வைத்திருந்தாலும் நம்பமாட்டாராம். அலமாரி வரிசை திரும்பும் இடத்தில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாராம். மற்றவர்கள் ஒரு தடவைதான் அடிப்பார்கள். அதனால் தலையைத் திருப்பாமலே எல்லோருக்கும் தெரியும், அண்ணன் வருகிறார் என்று. பெல்ட் போடாமல் எவனாவது வண்டியை எடுத்தால் அந்த இடமே அதிரும்படி சத்தம் போடுவாராம்.

இதை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் எழுதிய கடிதம் இது. பெயர் வரும் இடங்களை விட்டுவிட்டுப் படிக்கிறேன்.

"உங்கள் கணவர் காலமான செய்தி புதன்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் எங்களுக்குத் தெரிந்தது. அன்று சரக்கு இறக்கும் இடத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

அவர் எங்களோடு 14 ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். டயரையும் பிரேக்கையும் ஹாரனையும் தாமே பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறுவார். திருப்பத்தில் இரண்டு முறை ஹாரன் கேட்டால் வருவது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பெல்ட் போடாமல் ஏறியவர்களை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. இப்போது இங்கே வண்டி ஓட்டும் மூன்று பேர், பயிற்சி முடித்து வந்த புதிதில் அவர் பக்கத்தில் நின்று தொழில் பழகியவர்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறோம்.

அவருடைய அலமாரியில் உள்ள பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீங்கள் வர வேண்டாம், எப்போது தோதுப்படும் என்று சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். சம்பளம், காப்புறுதி பற்றிப் பிறகு நேரில் வந்து பேசுகிறோம். எது கேட்க வேண்டுமானாலும் கீழே உள்ள எண்ணில் அழையுங்கள். எடுப்பவர் தமிழ் பேசுவார்."

இப்போது பெயரை மாற்றிப் பாருங்கள், முடியாது. பாதுகாவலருக்கு ஹாரன் ஏது?

அந்தச் சத்தம் போடுகிற விஷயத்தில் தங்கைக்குத் தயக்கம். இரங்கல் கடிதத்தில் கோபத்தைப் பற்றி எழுதலாமா என்றார். கோபக்காரர் என்று நாம் எழுதவில்லையே. அவர் எதற்குக் கோபப்பட்டார் என்று எழுதியிருக்கிறோம். வீட்டிலும் அந்த மனுஷர் அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். மனைவி படிக்கும்போது தன் வீட்டுக்காரரை அதில் பார்ப்பார். இனிமையாகப் பழகுவார் என்று எழுதியிருந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்.

ஆன்மா சாந்தி வரியை நாங்கள் வைக்கவில்லை. இந்துக் குடும்பம் என்று தெரிந்ததால் வைத்திருந்தாலும் குற்றமில்லை. ஆனால் அது கோப்பில் இருந்தால் அடுத்த முறை தமிழ் முஸ்லிம் ஊழியர் வீட்டுக்கும் போய்விடும், கிறிஸ்துவர் வீட்டுக்கும் போய்விடும். ஒவ்வொருவர் வழக்கத்துக்கும் அவரவர் சொல்லும் வார்த்தை இருக்கிறது. தெரியாவிட்டால் நிறுவனம் யாருக்காகவும் பிரார்த்திக்காமல் இருப்பது மரியாதை.

நேரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ சுவா சூ காங்கில் நல்லடக்கம் முடிந்துவிடும். இந்து வீடுகளிலும் பலர் இரண்டாம் நாளே மண்டாய்க்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். நம் அலுவலகங்களில் ஒரு கடிதம் மனிதவளப் பிரிவு, தொடர்புப் பிரிவு, மேலிடம் என்று சுற்றி வர நான்கு நாள் ஆகும். அதனால் முதல் நாள் ஒருவர் நேரில் போகட்டும், புளோக்குக்குக் கீழே நாற்காலி போட்டிருப்பார்கள், போய் உட்கார்ந்தாலே போதும். கடிதம் பிறகு போகலாம், காரியத்துக்கு முன்னால் போனால் நல்லது.

பணத்தைப் பற்றி ஒரே வரியில் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கோப்பில் இன்னொரு கடிதத்தில், "அன்னாருக்குச் சேரவேண்டிய அனைத்துத் தொகையும் விரைவில் கிடைக்க ஆவன செய்வோம்" என்று இருந்ததாம். மத்திய சேம நிதிப் பணம் நிறுவனத்தின் கையில் இல்லை. அவர் யாரை நியமனம் செய்திருக்கிறாரோ அவர்களுக்குப் போகும். நியமனம் செய்யவில்லை என்றால் பொது அறங்காவலர் அலுவலகத்தின் வழியாகப் போகும், அதற்கு நாள் பிடிக்கும். நிறுவனம் வாக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவை அலையவிடக் கூடாது. நம்மால் செய்ய முடிந்தது அலமாரிப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அதை எழுதினோம்.

இவர் வீட்டில் இறந்தவர். வேலையிடத்தில் விபத்தில் இறந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது மனிதவள அமைச்சின் விசாரணை இருக்கும், அதனால் எப்படி நடந்தது, யார் தவறு என்று கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். வழக்கறிஞர் சொல்வதும் அதுதான், சரிதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து மனிதரையே கடிதத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள், "துரதிர்ஷ்டவசமான சம்பவம்" மட்டும் மிஞ்சுகிறது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்க முடியும். அவர் ஹாரன் அடித்ததை எழுதினால் எந்த வழக்கும் கெட்டுப்போகாது.

என்னைக் கேட்டால், தங்கை இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: கடிதம் போன பிறகு என்ன செய்வது? நிறுவனம் வருந்துகிறதா இல்லையா என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவது அப்போதுதான். அலமாரிப் பொருளைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கொடுத்த இடம் எனக்குத் தெரியும். நல்ல பை ஒன்று வாங்க என்ன செலவு? சட்டையை மடித்து வையுங்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு வையுங்கள், அவரோடு வேலை செய்தவர் ஒருவர் கையால் கொடுங்கள்.

இன்னொன்று, கணினி. ஊழியர் பட்டியலில் பெயர் இருந்தால் பிறந்தநாளுக்கு வாழ்த்து தானாகப் போய்விடும். மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் குறுஞ்செய்தி போகும். அந்தக் கைப்பேசி இப்போது மனைவியிடம் இருக்கும். எந்தெந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டு, கடிதம் அனுப்பும் அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கை மட்டும் கடைசித் தொகை போகும்வரை மூட வேண்டாம்.

தங்கை நேற்று எழுதியிருந்தார். மேலாளர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஹாரன் எல்லாம் எதற்கு, எடுத்துவிடு என்றாராம். சரக்கு இறக்கும் இடத்தின் மேற்பார்வையாளர், அந்த வரியை எடுத்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வரி இருக்கிறது. சரி, அடுத்த கேள்வி ஈசூனிலிருந்து வந்திருக்கிறது, பார்ப்போம்.