ஒரே ரிலே, இரண்டு விளக்கு: ஒன்று யோசிக்க நேரம் தரும், மற்றது தராது | புக்ஹோல்ஸ் ரிலே

[திரையில்: கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ளே விளக்கு வைத்த இரண்டு சிறிய சன்னல்கள். BUCHHOLZ ALARM, BUCHHOLZ TRIP]

வணக்கம். இந்த இரண்டு சன்னல்களையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர்தான். இரண்டுக்கும் வயர் வருவதும் ஒரே இரும்புப் பெட்டியில் இருந்துதான். ஆனால் முதலாவது எரிந்தால் ரான்ஸ்போமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஆராய்ந்து பார்க்கலாம். இரண்டாவது எரிந்தால், காரணம் தெரியும்வரை யாரும் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய வீடியோ.

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ 132 கிலோவோல்ற்றில் வரும் மின்சாரத்தை 33 ஆகக் குறைக்கிற பெரிய ரான்ஸ்போமர்களை வீதியில் போகும்போது வேலிக்கு அப்பால் கண்டிருப்பீர்கள். அவற்றின் மேலே படுக்கையாக ஒரு உருளை இருக்கும். அதுதான் கொன்சவேற்றர், எண்ணெய் சூடாகி விரியும்போது போய்த் தங்கும் இடம். தொட்டியில் இருந்து அந்த உருளைக்குப் போகிற குழாயின் நடுவில் கண்ணாடி வைத்த ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதுதான் நம் ஆள், புக்ஹோல்ஸ் ரிலே. மக்ஸ் புக்ஹோல்ஸ் என்ற ஜேர்மன்காரர் 1921இல் உருவாக்கியது. வரலாறு அவ்வளவு போதும், உள்ளே போவோம்.

[திரையில்: ரிலேயின் குறுக்குவெட்டு]

உள்ளே இரண்டு மிதப்புகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ் மிதப்போடு எண்ணெய் ஓடும் வழியை மறித்தபடி ஒரு தகடும் தொங்குகிறது. வழமையாகப் பெட்டி முழுக்க எண்ணெய், இரண்டு மிதப்பும் மேலே. தொட்டிக்குள் எங்காவது வாயு உண்டானால் குமிழாக மேலே ஏறும். குழாய் கொன்சவேற்றர் பக்கமாகக் கொஞ்சம் சரிவாக உயர்வதால், குமிழ் ரிலேக்குள் வந்து அதன் கூரையில் சேரும். வாயு சேரச் சேர எண்ணெய் இறங்கும், மேல் மிதப்பும் இறங்கும். பொதுவாக 200 முதல் 300 கன சென்ரிமீற்றர் சேர்ந்ததும் தொடுப்பு மூடும். அலாம்.

எண்ணெய் கசிந்து மட்டம் குறைந்தாலும் இதே மிதப்பு விழும். அதனால் அலாம் வந்ததும் முதலில் கொன்சவேற்றர் மட்டத்தையும் தொட்டியைச் சுற்றியுள்ள நிலத்தையும் பாருங்கள். கசிவு தொடர்ந்தால் கீழ் மிதப்பும் விழுந்து ட்ரிப் ஆகும், அதாவது ரான்ஸ்போமர் தானாகவே மின்சாரத்தில் இருந்து துண்டிக்கப்படும்.

சரி, கசிவு இல்லை, கண்ணாடியில் வாயு தெரிகிறது. இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதில் கொஞ்சம் நின்று போவோம்.

ஒரு உதாரணம் எடுப்போம். 31.5 எம்விஏ ரான்ஸ்போமர் ஒன்று. இரவு 9.40, எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடுகிற நேரம். அலாம் அடிக்கிறது. கண்ணாடியின் அளவுக்கோட்டில் ஏறக்குறைய 250 கன சென்ரிமீற்றர். வாயுவைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டும். வன்னியில் இருந்து மாதிரியைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பதில் எடுக்க நேரம் எடுக்கும். அந்த இரவில் கையில் இருக்கிற ஒரே கருவி மணிக்கூடுதான். அதுவே நிறையச் சொல்லும்.

மாதிரி எடுத்து, மிச்ச வாயுவை வெளியேற்றியாயிற்று. ஐந்து மணித்தியாலத்தில் மறுபடி அலாம். அப்படியென்றால் மணிக்கு ஏறத்தாழ 50 கன சென்ரிமீற்றர். அதையும் வெளியேற்றினால் அடுத்தது இரண்டே மணித்தியாலத்தில். இப்போது மணிக்கு 125. இடைவெளி சுருங்கினால் உள்ளே ஏதோ வளர்கிறது. விடியும்வரை காத்திருக்காதீர்கள். பாரத்தை வேறு ரான்ஸ்போமருக்கு மாற்றி இதை நிறுத்தவேண்டும்.

இதையே மறுபக்கமாக யோசியுங்கள். போன கிழமை எண்ணெய் வடிகட்டி நிரப்பினார்கள் என்று வையுங்கள். முதல் அலாம் அடுத்த நாள், இரண்டாவது மூன்று நாள் கழித்து, பிறகு ஒன்றும் இல்லை. இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. அது பெரும்பாலும் சுருள்களுக்கிடையிலும் மூலைகளிலும் மாட்டிக்கொண்டிருந்த காற்று, மெல்ல மெல்ல வெளியே வருகிறது. ஓய்வே இல்லாமல் ஒரே வேகத்தில் காற்று வந்துகொண்டிருந்தால், எண்ணெய்ப் பம்பின் உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் கசிவைத் தேடுங்கள். அங்கே எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும்.

மாதிரி எடுப்பதிலும் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கிற ரான்ஸ்போமரின் மேல் ஏறக்கூடாது, 132 கிலோவோல்ற் கம்பி உள்ளே நுழைகிற புஷிங் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்காகவே ரிலேயில் இருந்து மெல்லிய குழாயைத் தரைமட்டம்வரை இறக்கி, கீழே ஒரு வாயுச் சேகரிப்புப் பெட்டி வைத்திருப்பார்கள். அதில் கண்ணாடிச் சிரிஞ்சைப் பொருத்தி எடுங்கள். பிளாஸ்ரிக் சிரிஞ்சில் ஐதரசன் வழியிலேயே தப்பிவிடும், ஆய்வுகூடத்துக்குப் பொய்யான எண் போய்ச்சேரும். முந்திய காலத்தில் குழாயின் வாயில் தீக்குச்சி வைத்து எரிகிறதா என்று பார்த்தார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வாயுவில் ஐதரசனும் அசற்றிலீனும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிற பழக்கமும் இருக்கிறது, வெள்ளை என்றால் கடதாசி எரிந்தது, கறுப்பு என்றால் எண்ணெய் என்று. நான் அதை நம்பி ரான்ஸ்போமரை மறுபடி இணைக்கமாட்டேன்.

[திரையில்: மூடிய சோடாப் போத்தல்]

இப்போது ஆய்வுகூடத்தின் பதில் வந்துவிட்டது. அவர்கள் இரண்டு மாதிரியைச் சோதிக்கிறார்கள்: ரிலேயில் சேர்ந்த வாயு, தொட்டி எண்ணெயில் கரைந்திருக்கிற வாயு. ஏன் இரண்டு? திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை நினையுங்கள். மேலே உள்ள வெற்றிடத்தில் ஒரு அளவு வாயு, சோடாவில் கரைந்து ஒரு அளவு வாயு. நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சமநிலைக்கு வந்துவிடும். ஒன்றை அளந்தால் மற்றது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். ரான்ஸ்போமர் எண்ணெயும் இப்படித்தான். எந்த வாயு எவ்வளவு கரையும் என்பதற்கு ஒஸ்ற்வால்ட் குணகம் என்று ஒரு எண் இருக்கிறது. 20 பாகையில் ஐதரசனுக்கு 0.05, அசற்றிலீனுக்கு 1.2. இந்த முறையை ஐஈசி 60599 தரநிலையிலேயே காணலாம்.

நம் உதாரணத்தில் எண்ணெயில் ஐதரசன் 150 பிபிஎம். 150ஐ 0.05ஆல் வகுத்தால் 3,000. அதாவது மெல்ல, ஆற அமர உண்டான வாயு என்றால் ரிலேக்குள் ஐதரசன் 3,000 பிபிஎம் அளவில்தான் இருக்கவேண்டும். ஆனால் ரிலே வாயுவில் இருப்பது 60,000. இருபது மடங்கு! அசற்றிலீனைப் பாருங்கள். எண்ணெயில் 20, அதை 1.2ஆல் வகுத்தால் 17 வரவேண்டும். ரிலேயில் 3,000.

இதன் அர்த்தம் என்ன? குமிழ்கள் எண்ணெயில் கரைவதற்கு அவகாசமே இல்லாமல், வேகமாகப் பிறந்து நேரே மேலே ஓடி வந்திருக்கின்றன. அதோடு அசற்றிலீன் இவ்வளவு வருகிறது என்றால் சாதாரணச் சூடு காரணமாக இருக்க முடியாது, உள்ளே மின்பொறி, மின்வில் போன்ற ஒன்று நடக்கிறது. இந்த ரான்ஸ்போமரை ஓடவிடக்கூடாது.

மாறாக ரிலேயிலும் 3,000க்குக் கிட்டவே இருந்திருந்தால்? அப்போது பழுது இருக்கிறது, ஆனால் மெதுவானது. வாயு நீண்ட காலமாகக் கரைந்து, இனிக் கரைய எண்ணெயில் இடமில்லை என்ற பிறகே மேலே வந்திருக்கிறது. முன்பு எடுத்த எண்ணெய்ச் சோதனைகளிலும் அதன் தடம் இருந்திருக்கும். காபனோரொட்சைட்டும் கூடியிருந்தால் சூடாவது கடதாசிக் காப்பு. ரிலே வாயு முழுக்கவே நைதரசனும் ஒட்சிசனும் என்றால், அது காற்றுதான். ஒரே கண்ணாடிக்குள் ஒரே 250 கன சென்ரிமீற்றர், மூன்று வேறு கதை. எனக்கு இது எப்போது பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. உங்கள் இடத்தில் ரிலே வாயுவையும் எண்ணெயையும் சேர்த்து அனுப்புகிறார்களா, வாயுவை மட்டுமா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

[திரையில்: BUCHHOLZ TRIP ஒளிர்கிறது]

அடுத்தது இரண்டாவது சன்னல். இங்கே வாயு சேரும்வரை ரிலே காத்திருப்பதில்லை. சுருள்களுக்கிடையில் மின்வில் விழுந்தால் எண்ணெய் அந்தக் கணமே வாயுவாக உடைகிறது. பெருத்த வாயு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் போவதற்கு இருக்கிற ஒரே வழி மேலே உள்ள குழாய். அந்த ஓட்டம் தகட்டைத் தள்ளி ட்ரிப் தொடுப்பை மூடும். தகடு எந்த வேகத்தில் சாயவேண்டும் என்பது ரான்ஸ்போமருக்கு ஏற்ப வைக்கப்படும், பலவற்றில் செக்கனுக்கு 1 மீற்றர் அளவில் இருக்கும். 80 மில்லிமீற்றர் குழாயில் அந்த வேகம் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 5 லீற்றர். பத்தில் ஒரு பங்கு செக்கனில் அரை லீற்றர் எண்ணெய் தள்ளப்பட்டால் போதும், 132 பக்கமும் 33 பக்கமும் பிரேக்கர்கள் திறந்துவிடும்.

அதனால்தான் இந்த ட்ரிப்பைப் பார்த்துவிட்டு "ஒருக்கா போட்டுப் பார்ப்பம்" என்று சொல்வது பயங்கரம். உள்ளே வில் எரிந்த இடத்துக்கு மறுபடியும் முழு மின்சாரத்தைக் கொடுப்பீர்கள். தொட்டி வெடித்து எண்ணெய் தீப்பிடிக்கலாம்.

ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும், இந்தத் தகடு சிலவேளை வெளியே நடந்ததற்கும் அசையும். வன்னியில் 33 கிலோவோல்ற் லைன்கள் வயலும் காடும் தாண்டி நீண்ட தூரம் போகின்றன. நிலையத்துக்கு மிகக் கிட்டவே ஒரு பனையோலை இரண்டு கம்பிகளைச் சேர்த்துவிட்டால், அந்தப் பெரிய மின்னோட்டம் ரான்ஸ்போமர் வழியாகவே ஓடும். சுருள்கள் உதறும், எண்ணெய் குலுங்கும், தகடு சாயலாம். எப்படிப் பிரித்து அறிவது? மூன்று இடத்தைப் பாருங்கள். ரிலேக் கண்ணாடியில் வாயு இருக்கிறதா? உள்ளே போகிற மின்னோட்டத்தையும் வெளியே வருகிறதையும் ஒப்பிடுகிற டிஃபரென்ஷியல் ரிலே இயங்கியதா? வெளியே போகிற 33 கிலோவோல்ற் லைனின், அதாவது ஃபீடரின், மின்னோட்டம் அளவு மீறினால் இயங்குகிற ஓவர்கரண்ட் ரிலே அதே நேரத்தில் எதையாவது பதிந்ததா? வாயுவும் இருந்து டிஃபரென்ஷியலும் இயங்கியிருந்தால் பழுது உள்ளேதான். வாயு இல்லை, டிஃபரென்ஷியல் அசையவில்லை, ஃபீடரில் பெரிய மின்னோட்டம் பதிவாகியிருக்கிறது என்றால் வெளிக்காரணம் என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம் என்றேன், அவ்வளவுதான். அந்த உதறலிலேயே சுருள் நகர்ந்திருக்கலாம். எனவே சுருள் தடை, சுற்றுவிகிதம், காப்புத் தடை மூன்றையும் அளந்து, எண்ணெயையும் சோதித்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகுதான், பிரேக்கர்களை மறுபடி மூடவிடாமல் பூட்டிவைத்திருக்கிற லொக்கவுட் ரிலேயைக் கையால் மீளமைக்கவேண்டும்.