வேடர் நடுவில் வளர்ந்த அரசகுமாரன்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். சமய நூல்களில் வரும் கதைகளையும் உவமைகளையும் அவை எதற்காகச் சொல்லப்பட்டன என்று உரையாசிரியர்கள் விளக்கிய முறையைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட சில நிமிடங்களில் பல உவமைகளைத் தொட்டுத் தொட்டுச் செல்ல மனம் வரவில்லை; ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன்.

அரசன் ஒருவனுடைய மகன் குழந்தையாக இருக்கும்போதே வேடர் கையில் சேர்ந்து, அவர்களுடைய குடிசையில் வளர்கிறான். வில்லும் வலையும் பழகி, தன்னையும் வேடன் என்றே எண்ணி வாழ்கிறான். ஒருநாள் ஒருவர் வந்து, “நீ வேடன் அல்லன், அரசன் மகன்” என்று சொல்ல, அவன் வேடர் வாழ்வை விட்டு நீங்குகிறான். கதை இவ்வளவுதான்.

உயிரும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதத்தின் ஆசிரியர் சங்கரர் இதனைப் பிருகதாரண்யக உபநிடத உரையில் எடுத்தாள்கிறார். அந்த உபநிடதம், நெருப்பிலிருந்து பொறிகள் கிளம்புவதுபோல ஆன்மாவிலிருந்து எல்லாம் தோன்றின என்கிறது. அப்படியானால் உயிர் பரம்பொருளின் ஒரு துண்டா என்ற ஐயம் எழுகிறது. பொறி உவமை பிரிவைக் காட்ட வந்ததன்று, ஒருமையை உறுதிப்படுத்த வந்தது என்று சங்கரர் விடை கூறி, அதற்குத் துணையாகவே அரசகுமாரன் கதையைச் சொல்கிறார். அவர் கதையில் வருபவர் இரக்கமுள்ள ஒருவர். யார் என்பது முக்கியமில்லை. சொல் காதில் விழுந்ததும் அறியாமை நீங்குகிறது. அவன் முன்பும் அரச குலத்தவனே, இப்போதும் அரச குலத்தவனே.

இனி மெய்கண்டாரிடம் வருவோம். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அவருடைய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் “ஐம்புல வேடரின் அயர்ந்தனை வளர்ந்து” என்று தொடங்குகிறது. அரசன், மகன் என்ற பேச்சே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கதை கேட்பவருக்குத் தெரியும் என்று நம்பி, ஐம்புலன்களாகிய வேடரை மட்டும் சொல்லி நிறுத்துகிறார். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அதனை முழுக் கதையாக விரிக்கிறார். அங்கே வந்து அழைப்பவர் யாரோ ஒருவர் அல்லர்; அரசனே வந்து “என் மகன் நீ” என்கிறான். கதையில் இந்த ஓர் ஆளை மாற்றியதிலேதான் சித்தாந்தம் முழுவதும் இருக்கிறது என்பது என் கருத்து. உயிர் தானாக விழித்துக்கொள்வதில்லை, சொல் மட்டும் அதனை விழிக்கச் செய்வதுமில்லை. முதல்வனே குருவாக வந்து, உயிரைப் பற்றியுள்ள அழுக்காகிய மலத்தை நீக்க வேண்டும். மகனைத் “தானாக்கி” என்று சொன்ன அதே பாட்டு, “மலரடிக்கீழ் வைப்பன்” என்று முடிகிறது. தானாக ஆக்கியவனை அடியின்கீழ் வைப்பதென்றால், வைப்பவரும் வைக்கப்படுபவரும் இருவராக இருக்க வேண்டும். அதே கதை, அதே வேடர், ஆனால் சென்று சேரும் இடம் வேறு.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் புராணபடனம் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார். பயன் சொல்லி முடிந்த பிறகு திண்ணையில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: “அப்ப, பிள்ளையை வேடரிட்டக் கொண்டுபோய் விட்டது ஆர்?” நியாயமான கேள்வி. அரசகுமாரன் அரண்மனையில் பிறந்து பிறகு வேடரிடம் போனான். உயிரும் முதலில் தூயதாக இருந்து பிறகு மலத்தில் விழுந்ததா? சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. அறிவை மறைக்கும் ஆணவ மலம் உயிருக்கு அநாதி, தொடக்கம் இல்லாமலே உடன் இருப்பது.

இங்கே உவமை பிழைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. இதனை ஒருபுடை உவமை என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பொருந்துவது. எந்தப் பக்கம் என்று அறிய, அந்த இடத்தில் எழுப்பப்பட்ட வினா எது என்று பார்க்க வேண்டும். எட்டாம் சூத்திரத்தின் வினா, உயிர் ஞானத்தை எவ்வாறு பெறுகிறது என்பது. மலம் எப்போதிருந்து உள்ளது என்பதற்கு நான்காம் சூத்திரமே “சகசமலத்து உணராது” என்று, உடன் இருக்கும் மலத்தால் உயிர் உணராது என விடை தந்துவிட்டது. அந்த நான்காம் சூத்திரத்தில் உயிருக்கு உவமை அரசன், மனம் முதலிய உட்கருவிகளாகிய அந்தக்கரணங்களுக்கு உவமை அமைச்சர். எட்டாம் சூத்திரத்திலோ உயிர் அரசனின் மகன். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால், அமைச்சரோடு இருந்த அரசன் எப்படி வேடர் குடிசையில் வளர்ந்தான் என்று குழம்ப நேரிடும். ஒவ்வோர் உவமையும் தன் சூத்திரத்தின் வினாவுக்கு மட்டுமே கடமைப்பட்டது.

மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று மெய்கண்டார் வகுத்த ஒழுங்கைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. அந்தக் கருத்தை நிறுவும் காரணம் ஏது. எடுத்துக்காட்டு அதன் பின்னர்தான் வருகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். செம்பில் களிம்பு, நெல்லில் உமி ஆகிய உவமைகளை இந்த முறையில் நீங்களே பொருத்திப் பாருங்கள். நன்றி, வணக்கம்.