ஃபோன் நம்பர்தான் பாஸ்வேர்டா? எம்டி5க்கும் பிகிரிப்டுக்கும் உள்ள வித்தியாசம்

வணக்கம் மக்களே. வெள்ளவத்தையில ஒரு கடை, ஒன்லைன்ல ஓடர் எடுக்குது, 10,000 கஸ்டமர் எண்டு வச்சுக்கொள்ளுங்க. அந்த டேட்டாபேஸ் களவு போயிட்டுது. அதில பாஸ்வேர்ட் அப்பிடியே இல்ல, ஹாஷா, அதாவது பாஸ்வேர்டில இருந்து கணக்குப் பண்ணி எடுத்த எழுத்து வரிசையாத்தான் இருக்கு; அந்த ஹாஷைச் செய்யிற இரண்டு முறைதான் எம்டி5உம் பிகிரிப்டும். எங்கட ஆக்கள்ல நிறையப் பேர் ஃபோன் நம்பரையே பாஸ்வேர்டா போடுவினம், தெரியும்தானே. இண்டைக்கு அந்த ஒரு பழக்கத்தை மட்டும் வச்சுக் கணக்குப் பார்ப்பம்.

மொபைல் நம்பர் 07ல தொடங்கும், பிறகு 8 இலக்கம். ஆக மொத்தம் 10 கோடி சாத்தியம், அதுக்கு மேல இல்ல. களவெடுத்தவன் ஹாஷைத் திருப்பி அவிழ்க்கிறதில்ல, அது ஏலாது. 0700000000ல இருந்து ஒவ்வொண்டா ஹாஷ் பண்ணி, டேட்டாபேஸ்ல இருக்கிறதோட பொருந்துதா எண்டு பார்ப்பான். அதால முக்கியமான கேள்வி ஒண்டுதான்: ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் முயற்சி செய்யலாம்?

ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்ட் ஒண்டில, ஹாஷ் உடைக்கிற மென்பொருள் ஹாஷ்கேட்டை ஓட விட்டா, எம்டி5 செக்கனுக்கு ஏறக்குறைய 16,400 கோடி போகும். 10 கோடி நம்பரும் ஒரு செக்கனில ஆயிரத்தில ஒரு பங்குக்குள்ள முடிஞ்சிடும். "நாங்க சோல்ட் போட்டிருக்கிறம், ஒவ்வொரு பாஸ்வேர்டோடயும் வேற வேற எழுத்துக் கோர்வை சேர்த்துத்தான் ஹாஷ் பண்ணுறம்" எண்டு சொல்லுவீங்க. நல்லது, இனி ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனியாத்தான் தேட வேணும். 10,000 பேருக்கும் தேடினாலும் 6 செக்கன்தான் வருது.

அதே கார்ட், பிகிரிப்ட், கொஸ்ட் 12. செக்கனுக்கு 1,400 சொச்சம்தான். ஒரு கஸ்டமருக்கு 10 கோடியையும் முயற்சி செய்ய 19 மணித்தியாலம். 10,000 பேருக்கு 22 வருஷம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? திரையில இருக்கிறதைப் பாருங்க:

```
$2a$12$R9h/cIPz0gi.URNNX3kh2OPST9/PgBkqquzi.Ss7KIUgO2t0jWMUW
```

அந்த 12தான் கொஸ்ட். அதுக்குப் பிறகு வாற 22 எழுத்து சோல்ட், மிச்சம் 31 எழுத்து ஹாஷ். 12 எண்டா 2இன் 12ஆம் அடுக்கு, அதாவது 4,096 சுற்று. ஒவ்வொரு சுற்றிலயும் ப்ளோஃபிஷ் எண்ட என்கிரிப்ஷன் முறையின்ர அட்டவணையை இரண்டு தரம் முழுசாத் திருப்பி எழுதும், ஒரு தரத்துக்கு 521 ப்ளோஃபிஷ் என்கிரிப்ஷன். பெருக்கிப் பாருங்க, 42 இலட்சத்துக்கு மேல வருது. இது ஒரே ஒரு முயற்சிக்கு. 13 ஆக்கினா இரட்டிக்கும்.

சுற்று எண்ணிக்கை மட்டும் இல்ல. அந்த அட்டவணை 4 கிலோபைட். கணக்குப் போகப் போக அதுவும் மாறும், எந்த இடத்தில வாசிக்கும் எண்டும் முன்கூட்டிச் சொல்லேலாது. எம்டி5 கார்டின்ர ரெஜிஸ்டருக்குள்ளயே அடங்கிடும், அதால ஆயிரக்கணக்கான கோர் எல்லாம் ஒண்டா ஓடும். பிகிரிப்டில ஒவ்வொரு முயற்சிக்கும் தனியா 4 கிலோபைட் வேக மெமரி வேணும், அது கார்டில கொஞ்சம்தான் இருக்கு. கோர் நிறைய இருந்தும் பாதி சும்மா நிக்கும். 1999ல ப்ரோவோஸும் மாஸியேரும் ஓபன்பிஎஸ்டி எண்ட இயங்குதளத்துக்காக இதைக் கொண்டு வந்தவை, இண்டைக்கும் நிண்டு பிடிக்குது.

கடையின்ர பக்கத்தில செலவு என்ன? கஸ்டமர் லொகின் பண்ணேக்க கால் செக்கன் அளவு, அவ்வளவுதான். பிஎச்பி எண்டா இந்த ஒரு வரி காணும்:

```php
$h = password_hash($pw, PASSWORD_BCRYPT, ['cost' => 12]);
```

டேட்டாபேஸ்ல ஹாஷ் வைக்கிற கொலத்தில 60 எழுத்துக்கு இடம் குடுக்க வேணும். `VARCHAR(50)` எண்டு விட்டா, டேட்டாபேஸ் ஒண்டில் சேமிக்க மறுக்கும், இல்லாட்டி வால்ப்பக்கத்தை வெட்டிப் போட்டு ஒருத்தருமே லொகின் பண்ணேலாமப் போகும். இன்னொண்டு, பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். தமிழ்ல பாஸ்வேர்ட் போடுற ஆள் இருந்தா, ஒரு குறிக்கு 3 பைட், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனிக் குறி. 24 குறியோட சரி.

ஆனா `123456`ஐ பிகிரிப்ட் காப்பாத்தாது. பிரபலமான 1,000 பாஸ்வேர்டை ஒரு ஆளில முயற்சி செய்ய ஒரு செக்கன்கூட வேணாம். 10,000 பேருக்கும் சேர்த்து 2 மணித்தியாலம்.

இதை விடப் பெரிய ஓட்டை வேற இடத்தில. 2015ல ஆஷ்லி மேடிசன் தளத்தின்ர தரவு வெளியில வந்தது, 3.6 கோடி ஹாஷ், எல்லாம் பிகிரிப்ட், கொஸ்ட் 12. சைனோஷுர் ப்ரைம் எண்ட குழு பிகிரிப்டோட நேர மோதாம, தளத்தின்ர நிரலைத் தோண்டிப் பார்த்தா, லொகின் டோக்கன் ஒண்டு இப்பிடிச் செய்யப்பட்டிருந்தது: யூசர்நேம், இரண்டு முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட், எல்லாம் சின்ன எழுத்தாக்கி எம்டி5. அதை வேகமா உடைச்சு, கிடைச்ச சொல்லில எந்த எழுத்து பெரிசு எண்டதை மட்டும் பிகிரிப்டில பார்த்தாங்க. சில நாளிலயே ஒரு கோடிக்கு மேல போச்சு.

அதனால பழைய எம்டி5ல இருந்து மாறுற ஆக்கள், கஸ்டமர் திரும்ப லொகின் பண்ணும் வரைக்கும் காத்திருக்காதீங்க. இருக்கிற எம்டி5 ஹாஷையே பிகிரிப்டுக்குள்ள போட்டுச் சேமிச்சிட்டு, பழைய எம்டி5 கொலத்தை இண்டைக்கே அழியுங்க. பிறகு பேக்கப் ஃபைலையும் லொக் ஃபைலையும் ஒருக்காத் திறந்து, எம்டி5இன்ர 32 எழுத்து ஹெக்ஸ் எங்கயும் கிடக்குதா எண்டு தேடுங்க.