ஸ்டேட்மெண்டில் தெரியாத தவணை: சந்தேகங்களுக்கு விளக்கம்

"அண்ணா, நான் கிளிநொச்சியில ஒரு தனியார் கம்பனியில வேலை செய்யிறன். 5 லட்சம் கடன் கேக்கப் போறன். ஸ்டேட்மெண்டில பைக் லீசிங் 18,500 மட்டும்தான் போகுது, சம்பளம் சராசரியா 95,800 வருது. அப்ப வருமானத்தில கடன் தவணைக்குப் போற விகிதம் 19 சதவீதம்தானே? பேஷீட்டும் அனுப்பியிருக்கிறன். கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, கிரடிட் காட்டை அடைக்கவா?"

தம்பி, உங்கள் பேஷீட்டைப் பார்த்தேன். 19 வராது, 32க்கு மேலே வரும். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே பிழையை நிறையப் பேர் விடுகிறார்கள்.

பேஷீட்டில் அடிப்படைச் சம்பளம் 85,000, நிலையான கொடுப்பனவு 15,000. கழிவில் ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 8 சதவீதம், அதாவது 6,800. அதுக்குக் கீழே "ஊழியர் கடன் 11,000" என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் விஷயம். கம்பனி அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வங்கிக்கு அனுப்புகிறது, அதனால் ஸ்டேட்மெண்டில் அந்தத் தவணை கண்ணுக்கே படாது. கடன் கொடுப்பவர் பேஷீட்டையும் ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான்.

இங்கே எதிர்ப்பக்கப் பிழையும் ஒன்று உண்டு. கையில் வந்த சம்பளத்தை வருமானமாக எடுத்து, அதுக்குமேல் 11,000ஐக் கடன் பக்கத்திலும் எழுதினால் ஒரே காசை இரண்டு தரம் கழித்த மாதிரி. சரியான முறை, 11,000ஐ வருமானத்தோடு திருப்பிக் கூட்டிவிட்டு, பிறகு கடன் பக்கத்தில் ஒருதரம் மட்டும் எழுதுவது. சேமலாப நிதியைத் திருப்பிக் கூட்டக்கூடாது, அது கட்டாயக் கழிவு, கடன் இல்லை.

அப்ப நிலையான வருமானம் 1,00,000இல் 6,800 போக 93,200. அடுத்தது ஓ.ரி. உங்களுக்கு மூன்று மாதத்தில் 9,000, 20,800, 11,000 வந்திருக்கிறது. சராசரி 13,600. நீங்கள் முழுதையும் சேர்த்துவிட்டீர்கள், ஆனால் ஏறி இறங்குகிற காசை அப்படியே நம்பமாட்டார்கள். சில இடங்களில் பாதி எடுப்பார்கள், சில இடங்களில் குறைந்த மாதத்தை எடுப்பார்கள், ஒன்றுமே எடுக்காத இடமும் உண்டு. பாதி என்று வைத்தால் 6,800. சேமலாப நிதிக்குப் போனதும் அதேயளவு என்பதால் வருமானம் சரியாக 1,00,000 வருகிறது.

இனி கடன் பக்கம். லீசிங் 18,500, ஊழியர் கடன் 11,000. அப்புறம் உங்கள் கிரடிட் காட்டில் 60,000 நிலுவை இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பார்க்காமல், நிலுவையில் ஒரு பங்கை, பல இடங்களில் 5 சதவீதத்தை, தவணையாகப் பிடிப்பார்கள். அது 3,000. மொத்தம் 32,500, அதாவது 32.5 சதவீதம். நண்பனுக்குப் பிணை நின்றிருந்தால் அதுவும் உங்கள் கடன் விவரங்களைக் காட்டுகிற கிரிப் அறிக்கையில் வரும். அவன் ஒழுங்காகக் கட்டினால் பெரும்பாலும் பேசாமல் விடுவார்கள், பிந்தினால் அது உங்கள் தலையில்தான்.

இன்னும் முடியவில்லை, கேட்கிற கடனின் தவணையையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். 5 லட்சம், 15 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 11,900. மொத்தம் 44,400, விகிதம் 44.4. எல்லை 40 என்று வைத்திருக்கிற இடத்தில் மறுப்பு, 50 என்று வைத்திருக்கிற இடத்தில் சரி. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சம்பளம் கூடக் கூட எல்லையையும் கூட்டுகிற இடங்களும் உண்டு.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, கிரடிட் காட்டை அடைக்கவா என்றும் கேட்டிருந்தீர்கள். 60,000 கொட்டினால் விகிதம் 3 புள்ளிதான் இறங்கும். உங்கள் ஊழியர் கடனில் மிச்சம் 4 தவணை, 44,000. அதை அடைத்தால் 11 புள்ளி இறங்கி 33.4 ஆகிவிடும். வட்டியைப் பார்த்தால் காட்டைத்தான் முதலில் அடைக்கவேண்டும், அது வேறு கணக்கு. இந்த விண்ணப்பத்துக்கு மட்டும் ஊழியர் கடன்தான். இன்னும் சில தவணை மட்டுமே மிச்சமுள்ள கடனைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற இடங்களும் இருக்கின்றன, அதனால் காசைக் கொட்டமுதல் அதைக் கேட்டுப்பாருங்கள். அடைத்தால் கம்பனியிடம் கடன் முடிந்தது என்று கடிதம் வாங்குங்கள், கழிவு இல்லாத ஒரு மாதப் பேஷீட் வந்தபிறகு விண்ணப்பியுங்கள். பழைய பேஷீட்டோடு போனால் அந்த 11,000 அப்படியேதான் நிற்கும்.