வாடா கடன்காரா! திட்டிக்கொண்டே வரவேற்கும் நண்பர்கள்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. சாயங்காலம் ஆனால் இங்கே கூட்டாளிகள் கும்பலாக வந்து நிற்பார்கள். பைக்கில் ஒருத்தன் வந்து இறங்கினால் போதும், "வந்துட்டான்டா தண்டச்சோறு", "ஏன்டா எருமை, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று நாலு பக்கமும் ஆரம்பிக்கும். பாண்டிச்சேரியில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு வடநாட்டு நண்பர் இதைப் பார்த்து மிரண்டுவிட்டார். இப்போதுதான் தமிழ் பழகிக்கொண்டிருக்கிறார். காதில் விழுந்ததில் அவருக்குப் புரிந்ததெல்லாம் வசவு மட்டும்தான். "இவ்வளவு திட்டியும் அவருக்கு ஏன் கோபம் வரவில்லை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

துபாயில் வேலை பார்க்கும் எங்கள் கூட்டாளி லீவில் வந்திருந்தான். அழைத்துவர நாங்கள் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவன் படியில் கால் வைக்கும்போதே ஒருத்தன் கத்தினான்: "வந்துட்டியாடா பிச்சைக்காரா? இத்தன நாளு ஊரு நிம்மதியா இருந்துச்சு." வந்தவன் யோசிக்கவே இல்லை. "நீ வாங்குன ரெண்டாயிரத்தக் குடுடா, அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிடறேன்" என்றான். அதற்குள் அவன் பெட்டி கத்தினவன் கைக்கு மாறிவிட்டது. தோளில் கையும் விழுந்துவிட்டது.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, அவன் பிச்சைக்காரன் இல்லை. நல்ல சம்பளம் வாங்குகிறான், ஊரில் மாடி வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சொன்னவன், கேட்டவன், சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். அதனால்தான் அந்த வார்த்தை குத்தவில்லை.

இன்னொரு கூட்டாளியும் வெளிநாட்டிலிருந்து வந்தான். ஆனால் வேலை போய் வந்தான். அன்றைக்கு அதே பஸ் ஸ்டாண்டில், அதே ஆட்கள், "வாப்பா, சாப்டியா?" என்று கேட்டார்கள். பிச்சைக்காரன், கடன்காரன், தண்டச்சோறு எதுவும் யார் வாயிலும் வரவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது. இந்தத் திட்டுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை இதுதான். ஒருத்தனை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டுமென்றால், அவனுக்கு உண்மையில் எங்கே வலிக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவன் வீட்டு நிலவரம், கடன், அப்பாவின் உடம்பு, கல்யாணம் ஆகிக் குழந்தை இல்லாத வருத்தம் எல்லாம் தெரிந்தவன்தான் அந்த இடங்களை விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடிக்க முடியும். தெரியாதவன் திட்டினால் எங்கே படும் என்று அவனுக்கே தெரியாது.

வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர், நியூயார்க் ஹார்லெம் பகுதியில் கறுப்பினப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் விளையாட்டாகத் திட்டிக்கொள்வதை ஆராய்ந்து 1972-ல் எழுதியிருக்கிறார். அவர் கவனித்ததும் இதுதான். விளையாட்டுத் திட்டு எல்லோருக்கும் பொய் என்று தெரிந்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் இன்னொரு திட்டு. கேட்டவன் மறுக்க ஆரம்பித்தாலோ விளக்கம் சொன்னாலோ, விளையாட்டு அங்கே முடிந்து அது நிஜ வசையாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையை நம் ஊரிலும் வைத்துப் பாருங்கள், சரியாக வரும். "வாடா கடன்காரா" என்றதும் "உங்கப்பன் கிட்ட வாங்குனது, போய்க் கேளு" என்று பதில் வந்தால் எல்லாம் சரி. "நான் யாருகிட்டயும் கடன் வாங்கலயே, யார் சொன்னா?" என்று குரல் இறங்கினால், பட்டுவிட்டது. அந்த இடத்தில் "சும்மா சொன்னேன்டா, தமாஷ்" என்று மழுப்பக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு என்னவென்று கேட்க வேண்டும்.

சரி, இந்த உரிமை எங்கிருந்து வந்தது? நம் வீடுகளிலேயே பாருங்கள். பங்காளிகளுக்குள் பேச்சு அளந்துதான் இருக்கும். மாமன் மச்சான் என்றால் கேலிக்கு அளவே கிடையாது. கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையை மச்சினன் ஓட்டினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தால்தான் தப்பு. மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-ல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட கேலி உறவுகளைப் பற்றி விளக்குகிறார். கல்யாணத்தால் சேரும் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் நெருக்கமும் இருக்கும், உரசலும் இருக்கும். அந்த உரசல் சண்டையாக வெடிக்காமல் இருக்க ஒரு வழி, அனுமதிக்கப்பட்ட மரியாதைக் குறைவு. மற்றொரு வழி, மாமியாரிடம் மருமகன் ஒதுங்கி நிற்பதுபோல மிகையான மரியாதை. ரத்த சம்பந்தம் இல்லாத கூட்டாளியை நாம் மச்சான், மாப்ள என்று கூப்பிடுகிறோம் அல்லவா? முறையோடு சேர்த்துக் கேலி செய்யும் உரிமையையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். இந்தக் கூட்டத்தில் கோபம் வந்தால் மரியாதை வரும். நேற்றுவரை "டேய் நாயே" என்றவன் போனை எடுத்து "சொல்லுங்க" என்றால் வயிற்றைக் கலக்கும். "வாங்க சார்" என்றால் விஷயம் பெரிசு. வெளியாள் அதைக் கேட்டால், அடடா எவ்வளவு பண்பாகப் பேசுகிறார்கள் என்று நினைப்பார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது இரண்டு பக்கமும் ஓடினால்தான் விளையாட்டு. கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிறான், அவன் திருப்பிச் சொன்னால் மற்றவர்களுக்கு முகம் மாறுகிறது என்றால், அது நட்பே இல்லை, கொடுமை. நம் ஊரில் ஒருத்தன் 'டா' போட, இன்னொருத்தன் 'ஐயா' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்ற நிலை சாதியால் காலங்காலமாக இருந்தது. அந்த 'டா'வுக்கும் கூட்டாளி சொல்லும் 'டா'வுக்கும் சம்பந்தமே கிடையாது. சாதிப் பெயரை வைத்துத் திட்டுவதை எந்த நட்பின் பேரிலும் நான் விளையாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுப் பெண்களை இழுப்பதும் அப்படித்தான். சில கும்பல்களில் அது சகஜமாக ஓடுகிறது. சிரிப்பவர்களில் பாதிப் பேர் வேறு வழியில்லாமல்தான் சிரிக்கிறார்கள்.

அப்புறம், இடம் பார்க்க வேண்டும். கூட்டாளியின் அப்பா பக்கத்தில் இருந்தால் "நல்லா இருக்கியாப்பா?" மட்டும்தான். அவர் உள்ளே போனதும் பழைய பாட்டு ஆரம்பிக்கும். வாட்ஸ்அப்பில் குரலும் முகமும் இல்லாததால், தெரிந்தவனே எழுதினாலும் சில சமயம் தப்பாகப் படும்.

துக்கம் நடந்த வீட்டில் எல்லாம் நின்றுவிடும். காரியம் முடிந்த பிறகும் கூட்டாளிகள் "வாப்பா" என்றுதான் பேசுவார்கள். மறுபடி தொடங்கும் உரிமை துக்கப்பட்டவனுக்குத்தான். என்றைக்காவது டீக்கடையில் அவனே, "என்னடா பன்னாட, காசு குடுக்க மாட்டியா?" என்பான். அந்த நிமிஷமே மற்றவர்கள் பழையபடி பிடித்துக்கொள்வார்கள்.

என் வடநாட்டு நண்பர் கேட்ட அடுத்த கேள்வி, "நானும் அப்படிப் பேசலாமா?" நீங்களாக ஆரம்பிக்காதீர்கள் என்றேன். பக்கத்தில் உட்காருங்கள், சிரியுங்கள். உங்களை ஒருத்தன் முதலில் திட்டட்டும். அதுவும் கொஞ்சமாகத்தான் திட்டுவான், நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பார்ப்பான். அப்போது அதே அளவுக்கு, இல்லையென்றால் அதைவிட ஒரு படி குறைவாகவே, திருப்பிச் சொல்லுங்கள். போன வாரம் பாண்டி பீச் ரோட்டில் எங்கள் ஆள் ஒருத்தன் அவரைப் பார்த்து "வாய்யா சோம்பேறி" என்றான். அவர் கொஞ்சம் யோசித்து, "நீதான் சோம்பேறி, நேத்து ஆபீசுக்கே வரல" என்றார். அன்றைக்கு டீக்குக் காசு கொடுக்க அவரை யாரும் விடவில்லை.